ஒரு மாம்பழத்துக்கு ஏன் 19 மதிப்பெண்? ஆன்லைன் ஸ்க்ராட்ச் வகுப்பும் பெற்றோருக்கு அனுப்பும் செய்தியும்

கேள்வி: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வாரம் இரண்டு நாள் ஆன்லைனில் ஸ்க்ராட்ச், அதாவது ப்ளாக்குகளை அடுக்கி கேம் செய்யும் புரோகிராமிங், சொல்லித் தருகிறேன். வகுப்பில் எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் "என் பிள்ளை என்ன கற்றுக்கொண்டான்" என்று பெற்றோர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் என்ன எழுதி அனுப்புவது? எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன ஷோ வைக்கலாமா?

வகுப்பில் எல்லாம் சரியாக வருகிறது என்ற வரிதான் எனக்கு உறுத்தியது. பத்து வயதுப் பிள்ளைகள் ஆறு பேருடைய புரோகிராமும் ஒரே நாளில் சரியாக ஓடுகிறது என்றால், அநேகமாக அவர்கள் உங்கள் ஸ்க்ரீனைப் பார்த்து ப்ளாக்கை அப்படியே அடுக்குகிறார்கள். அப்படி அடுக்கியதைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. அதில் பிள்ளை எடுத்த முடிவு எதுவும் இல்லையே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2020-ல் பள்ளிகள் மூடியபோது நானும் ஆன்லைனுக்கு வந்து, முதல் ஏழெட்டு மாதம் இதையேதான் செய்தேன். வாரம் ஒரு கேம், எல்லோருக்கும் ஒரே கேம், எல்லோருக்கும் ஒரே செய்தி: "இன்று அருமையாகச் செய்தான்." ஒரு அம்மா போன் செய்து, "மிஸ், அவன்கிட்ட அந்த கேம்ல பூனைய கொஞ்சம் வேகமா ஓடவைடான்னு சொன்னேன். எப்படின்னு தெரியல, மிஸ் சொல்லித் தரலன்னுட்டான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. திருச்சியில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாக இருந்தேன், இப்போது வீட்டிலிருந்து ஆன்லைன் வகுப்புதான். 8 முதல் 13 வயது வரை, ஒரு குழுவில் ஆறு பேருக்கு மேல் இல்லை. கீழே சொல்வதெல்லாம் அந்த அளவுக்குத்தான் பொருந்தும். நாற்பது பேர் உட்காரும் வகுப்புக்கு நான் முயன்று பார்த்ததில்லை.

முதலில் ஸ்க்ரீன் விஷயம். வீட்டில் லேப்டாப் ஒன்றுதான் இருக்கும். அதிலேயே மீட்டிங், அதிலேயே ஸ்க்ராட்ச். உங்கள் ஸ்க்ரீன் ஷேர் ஆகிக்கொண்டே இருந்தால் பிள்ளை இரண்டு ஜன்னலுக்கும் மாறி மாறித் தாவி, பார்த்துப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. நான் செய்வது இது: 50 நிமிட வகுப்பில் முதல் ஐந்து ஆறு நிமிடம் மட்டும் என் ஸ்க்ரீனைக் காட்டுவேன். அதுவும் முழு கேம் இல்லை, ஒரே ஒரு சின்ன விஷயம். அப்புறம் ஷேரை நிறுத்திவிடுவேன். அதன்பின் பிள்ளைகளுக்கு மீட்டிங் ஜன்னலைப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை, என் குரல் காதில் விழுந்தால் போதும். யாருக்குச் சிக்கலோ அவர் ஸ்க்ரீனை அவரே ஷேர் செய்வார். பிள்ளையின் மவுஸை இங்கிருந்தே இயக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. ஒரு தடவை நாம் இழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்த தடவை பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

போன் மட்டும் உள்ள வீடு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்க்ராட்ச் கேமை போனில் விளையாடலாம், ஆனால் போனில் உருவாக்குவது சரிப்படாது. டேப்லெட் என்றால் சமாளிக்கலாம். ஆறேழு வயதுத் தம்பி தங்கைகளுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது, அதுவும் டேப்லெட்டில் ஓடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாம்பழம் பிடிக்கும் கேமையே எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பழம் விழும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், பிடித்தால் ஸ்கோர் ஒன்று ஏற வேண்டும். ஸ்க்ராட்ச்சின் பொம்மைப் பட்டியலில் ஆப்பிள் இருக்கும், வாழைப்பழம் இருக்கும், மாம்பழத்தை நான் பார்த்ததில்லை. அதனால் பிள்ளைகளே வரைவார்கள். அதுவும் நல்லதுதான், ஆறு மாம்பழமும் ஆறு விதமாக இருக்கும்.

இதில் முதல் முட்டுக்கட்டை குறை எண். ஸ்க்ராட்ச் மேடையின் நடுப்புள்ளி 0. குறுக்கே -240 முதல் 240 வரை, நெடுக்கே -180 முதல் 180 வரை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கில் குறை எண் இன்னும் வந்திருக்காது. ஆறாம் வகுப்பில்தான் வரும். நான் கிணற்றைச் சொல்வேன். தரை 0, மாடிப்படி ஏறினால் 10, 20. கிணற்றுக்குள் இறங்கினால் -10, -20. "அப்போ -170 எங்கே?" என்றால் "கிணத்து அடியில" என்று உடனே வரும். இவ்வளவு போதும். கூட்டல் கழித்தல் எல்லாம் இப்போது வேண்டாம்.

பழத்துக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதும் புரோகிராம் இப்படி இருக்கும்:

```
when green flag clicked
set [score] to (0)
go to x: (0) y: (170)
forever
  change y by (-5)
  if <touching [Basket]?> then
    change [score] by (1)
  if <(y position) < (-165)> then
    go to x: (pick random (-200) to (200)) y: (170)
```

படித்துப் பார்த்தால் தப்பே தெரியாது. பழம் இறங்குகிறது, கூடையைத் தொட்டால் ஸ்கோர் கூடுகிறது, தரைக்கு வந்தால் மறுபடி மேலே போகிறது. ஓட்டினால் ஒரு பழத்துக்கே ஸ்கோர் 19, 20 என்று எகிறும். போன வருஷம் ஒரு பெண் குழந்தை கத்தினாள்: "மிஸ், என் கேம் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஸ்கோர் போடுது!" மற்றவர்களுக்கும் அதேதான் நடந்துகொண்டிருந்தது, ஆனால் நிறைய மதிப்பெண் வருகிறதே என்று சந்தோஷமாக இருந்தார்கள்.

இந்த இடத்தில் நாம் வாயைத் திறந்து விடையைச் சொன்னால் அன்றைய வகுப்பு முடிந்தது. நான் ஒன்றுதான் சொன்னேன்: "பழம் விழுற வேகத்தை மாத்திப் பாரு. -5 இருக்கிற இடத்துல -10 போடு. ஸ்கோர் எவ்வளவு ஏறுதுன்னு சொல்லு." போட்டாள். ஒரு பழத்துக்கு 9, சில தடவை 10. "வேகமா விழுந்தா கம்மியா ஏறுது மிஸ்." ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை. சரி, `forever` உள்ளே `wait 0.5 seconds` போட்டுப் பார்க்கச் சொன்னேன். கேம் ஸ்லோ மோஷனில் ஓடியது. பழம் கூடையின் வாயைத் தொட்டதும் ஒன்று, அடுத்த அடி இறங்கியதும் ஒன்று, அதற்கடுத்த அடிக்கு ஒன்று. கூடை வழியாக இறங்கி முடியும் வரை ஒவ்வொரு அடிக்கும் அவளே வாய்விட்டு எண்ணினாள். பத்தை நெருங்கும்போது நிறுத்திவிட்டு, "ஓ, அது தொட்டுக்கிட்டே இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் காரணம். `forever` ஒரு விநாடிக்குச் சுமார் 30 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் "தொடுகிறதா" என்று கேட்கிறது. கூடை -130 உயரத்தில் இருந்தது. கூடையின் உயரம் 60, பழத்தின் உயரம் 50 என்று வைத்துக்கொண்டால், பழத்தின் நடு -75-க்கு வரும்போது இரண்டும் முட்டும். அங்கிருந்து -170 வரை 95 புள்ளி இறங்க வேண்டும். 5 புள்ளிக்கு ஓர் அடி என்றால் 19 அடி, ஆக 19 மதிப்பெண். 10 புள்ளிக்கு ஓர் அடி என்றால் ஒன்பதோ பத்தோ. பழம் வரைந்த வடிவத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும், ஏனென்றால் ஸ்க்ராட்ச் படத்தின் வண்ணம் உண்மையில் ஒட்டுகிறதா என்றுதான் பார்க்கும், சுற்றியுள்ள கட்டத்தை அல்ல. இந்தக் கணக்கை நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதில்லை. உங்களுக்காகச் சொல்கிறேன். வேகத்தை மாற்றும்போது ஸ்கோரும் மாறினால், தப்பு "எத்தனை தடவை கேட்கிறோம்" என்பதில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவள் கண்டுபிடித்த முதல் தீர்வு, ஸ்கோர் கூட்டியதும் `wait 1 seconds` போடுவது. ஓட்டினாள். பழம் கூடைக்குள் ஒவ்வொரு படியாக, ஒரு விநாடிக்கு ஒரு படி என்று கிழவி மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. ஸ்கோர் அப்போதும் 19 வரை போனது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அடுத்து, தொடுவதைப் பார்க்கும் வேலையை மட்டும் தனி அடுக்காகப் பிரித்து, அதில் `wait` வைத்தாள். இது வேலை செய்தது! பழம் நிற்காமல் விழுந்தது, ஸ்கோர் ஒன்று மட்டும் ஏறியது.

இது நான் எதிர்பார்த்த விடை அல்ல. பழம் கூடையைத் தொட்டதுமே மேலே அனுப்பிவிடு என்பதுதான் நான் மனதில் வைத்திருந்தது:

```
  if <touching [Basket]?> then
    change [score] by (1)
    go to x: (pick random (-200) to (200)) y: (170)
```

ஆனால் அவளுடையதும் சரிதான், அப்போதைக்கு. அதனால் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் அவளே கேமைக் கஷ்டமாக்க வேகத்தை -15 ஆக்கினாள். இப்போது தொடர்ந்து இரண்டு பழம் பிடித்தால் ஒன்றுதான் எண்ணியது. முதல் பழத்துக்காக அந்த அடுக்கு ஒரு விநாடி உறங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பழம் வந்து விழுந்து போய்விடுகிறது. "அது தூங்குது மிஸ்" என்று சொல்லிவிட்டு `wait`-ஐத் தூக்கினாள். பழத்தை மேலே அனுப்பும் வழிக்கு அவளாகவே வந்தாள். இதற்கு இரண்டு வகுப்பு ஆனது. நான் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம்.

இதோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டு தப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்களும் கட்டாயம் சந்திப்பீர்கள். `if`-ஐ `forever`-க்கு வெளியே வைத்துவிட்டால் பச்சைக் கொடியை அழுத்தியதும் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு நின்றுவிடும். ஸ்கோர் 0-லேயே இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். இன்னொன்று, தரையை -200 என்று வைப்பது. ஸ்க்ராட்ச் ஒரு பொம்மையை மேடையை விட்டு முழுதாக வெளியே போக விடாது, ஓரத்தில் கொஞ்சம் தெரியும்படி நிறுத்திவிடும். 50 உயரப் பழம் -190 பக்கத்தில் நின்றுவிடும், -200-ஐத் தொடவே தொடாது. பழம் கீழே ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் இதுதான் காரணம்.

சரி, பெற்றோருக்கு என்ன எழுதுவது? இப்போது எழுத விஷயம் இருக்கிறது. நான் ஒரு வகுப்பில் ஆறு பேரையும் கவனித்து எழுத முயல்வதில்லை. செவ்வாய்க்கிழமை மூன்று பேர், சனிக்கிழமை மற்ற மூன்று பேர். பக்கத்தில் ஒரு நோட்டு. அந்த மூன்று பேரும் எங்கே சிக்கினார்கள், என்ன சொன்னார்கள் என்று அவரவர் வார்த்தையிலேயே ஒரு வரி. "தொட்டுக்கிட்டே இருக்கு" என்பது அந்த நோட்டில் உள்ள வரிதான். வகுப்பு முடிந்த அன்றைக்கே அனுப்பிவிடுவேன், மறுநாள் ஆனால் எனக்கே மறந்துவிடும். அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போனது இது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

"வணக்கம். நிலா இன்று மாம்பழ கேமில் ஒரு தப்பைப் பிடித்தாள். ஒரு பழத்துக்கு ஸ்கோர் 1 ஏறாமல் 19 ஏறியது. ஏன் என்று மெதுவாக ஓட்டிப் பார்த்துக் காரணத்தைச் சொன்னாள். சரிசெய்ய அவளே ஒரு வழி யோசித்திருக்கிறாள், இப்போதைக்கு வேலை செய்கிறது. வேகத்தைக் கூட்டினால் சிக்கல் வரும், அதைச் சனிக்கிழமை பார்ப்போம். நேரம் இருந்தால் 'பழம் வேகமா விழுந்தா ஸ்கோர் ஏன் கம்மியா ஏறுச்சு' என்று கேட்டுப் பாருங்கள். அவள் சொல்வது புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேமை நீங்கள் திருத்த வேண்டாம்."

இதில் பாராட்டு என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இந்த மாதிரிச் செய்திக்குத்தான் பதில் வருகிறது. வீட்டில் கேட்க ஒரு கேள்வி கொடுப்பதுதான் இதில் முக்கியம். "இன்னிக்கு என்ன படிச்ச" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். ஸ்கோர் ஏன் குறைந்தது என்று கேட்டால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும். கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். கணினித் துறையில் இருக்கும் அப்பாக்கள் சிலர் இரவோடு இரவாக கேமைச் செப்பனிட்டு அனுப்பிவிடுவார்கள். அடுத்த வகுப்பில் பிள்ளை தன் கேமையே அடையாளம் தெரியாமல் முழிக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி எதுவும் போடாதீர்கள், நல்லதாக இருந்தாலும். குழுவுக்கு வகுப்பு நேரம், லிங்க், விடுமுறை மட்டும். மற்றதெல்லாம் தனித்தனியாக. தேக்கத்தையும் எழுதுங்கள். "இந்த வாரம் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை, பழத்துக்கு நிறம் தீட்டுவதிலேயே 40 நிமிடம் போனது" என்று நான் எழுதியிருக்கிறேன். அது உண்மை, அந்தப் பையனுக்கு அன்றைக்கு அதுதான் பிடித்திருந்தது. எல்லா வாரமும் முன்னேற்றம் என்று எழுதினால் மூன்றாவது மாதம் யாரும் படிக்க மாட்டார்கள்.

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "நாலு கிளாஸ் ஆச்சு, இன்னும் மாம்பழம்தானா?" என்பது ஒன்று. இதற்கு விளக்கம் எழுதிப் பயனில்லை. பிள்ளையை ஐந்து நிமிடம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா கேட்கும் மாற்றம் ஒன்றை கேமில் செய்யச் சொல்கிறேன். அது முடிந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். முடியாவிட்டால் அப்பா கேட்டது நியாயம், என் வகுப்பில்தான் கோளாறு. இன்னொரு கேள்வி, "பைத்தானுக்கு எப்போ போவீங்க?" `forever`, `if`, ஸ்கோரை வைத்திருக்கும் மாறி இவையெல்லாம், டைப் செய்து எழுதும் பைத்தான் மொழியிலும் வேறு உருவில் வருகின்றன என்பது நிச்சயம். ஆனால் ஸ்க்ராட்ச் செய்த பிள்ளை பிற்பாடு பைத்தானைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. என்னிடமிருந்து அப்படிப் போனவர்களில் சிலர் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள், சிலர் எழுத்துப்பிழைக்கே மூன்று வாரம் அழுதார்கள். டைப்பிங் வராத பிள்ளைக்கு அவசரப்பட வேண்டாம் என்பது மட்டும் என் அனுபவம்.

ஷோவைத் தாராளமாக வையுங்கள், ஆனால் சின்னதாக வையுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் கூட்டத்தை முடித்துவிடும், அந்தக் கணக்குக்கும் இது சரியாக வரும். பரிசு, இடம், சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

என் முதல் ஷோ சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாள் இரவு ஆறு கேமையும் நானே திறந்து, இசை சேர்த்து, பின்னணி மாற்றி, தப்பையெல்லாம் துடைத்து வைத்தேன். ஷோவில் ஒரு பையனின் தாத்தா, "பழம் ரொம்ப வேகமா விழுதுப்பா, எனக்குக் கொஞ்சம் மெதுவா விழட்டும்" என்றார். பையன் `Code` பக்கத்தைத் திறந்தான். நான் எழுதிச் சேர்த்த ப்ளாக்குகளுக்கு நடுவே தன்னுடைய -5 எங்கே என்று தேடினான், கிடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி "மிஸ்..." என்று இழுத்தான். அந்த இழுப்பு எல்லா அப்பா அம்மாவுக்கும் கேட்டது.

அதிலிருந்து ஷோவின் விதியையே தாத்தா கேட்டதை வைத்து மாற்றிவிட்டேன். பிள்ளை கேமைக் காட்டும், ஒரு நிமிடம். பார்ப்பவர்களில் ஒருவர் மாற்றம் ஒன்று கேட்பார். மெதுவாக விழட்டும், பழத்தை நீலமாக்கு, மூன்று தப்பினால் கேம் முடியட்டும், இந்த மாதிரி ஏதாவது. பிள்ளை எல்லோர் முன்னாலும் முயலும். முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் "எங்கே பார்க்கணும்" என்று காட்டினால் போதும். அதற்கு முன் ஒரே ஒரு ஏற்பாடு: கேமுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். `File` பட்டியலில் `Save to your computer` கொடுத்தால் `.sb3` என்று முடியும் கோப்பு ஒன்று இறங்கும். கெட்டுப்போனால் அதைத் திறந்துகொள்ளலாம் என்று தெரிந்தால்தான் பிள்ளை தைரியமாகக் கை வைக்கும். கணக்கு இல்லாமல் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்தக் கோப்பு எப்போதுமே அவசியம், இல்லையென்றால் டேப்பை மூடியதும் எல்லாம் போய்விடும்.

ஷோவில் கால்வாரும் சின்ன விஷயங்கள் மூன்று உண்டு. சத்தம் முதலாவது. ஜூமில் ஷேர் செய்யும்போது `Share sound` டிக் செய்யாவிட்டால் பிள்ளைக்குக் கேட்கும் இசை யாருக்கும் கேட்காது. இரண்டாவது லிங்க். ஸ்க்ராட்ச் கணக்கில் இருக்கும் புராஜெக்டுக்கு மேலே `Share` அழுத்தாவிட்டால் அந்த லிங்க் பிள்ளையின் கணக்கில் மட்டும் திறக்கும், மாமாவுக்கும் அத்தைக்கும் அனுப்பினால் பக்கம் இல்லை என்று வரும். அனுப்பும் முன் லாகின் இல்லாத ஜன்னலில், அதாவது இன்காக்னிட்டோவில், ஒரு தடவை திறந்து பாருங்கள். மூன்றாவது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில்தான் திறப்பார்கள். போனில் அம்புக்குறி விசை கிடையாது. கூடையை விசையால் நகர்த்தும்படி செய்திருந்தால் பாட்டிக்குக் கூடை நகராது, பேரனுடைய கேம் ஓடவில்லை என்று நினைத்துக்கொள்வார். கூடைக்கு இதைப் போட்டால் விரலால் இழுக்கலாம்:

```
when green flag clicked
forever
  set x to (mouse x)
```

பொதுவில் ஷேர் செய்வதற்கு முன் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள், வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில். `Share` அழுத்திய புராஜெக்டை உலகத்தில் யாரும் பார்க்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், அதிலிருந்து தங்களுக்கு ஒன்று செய்துகொள்ளலாம். அதனால் பயனர் பெயரில் சொந்தப் பெயரோ பள்ளிப் பெயரோ வேண்டாம். பிள்ளைகளுக்குத் தங்கள் குரலைப் பதிந்து கேமில் வைக்க ரொம்பப் பிடிக்கும், "நான் ஃபைவ் பி, என் பேரு..." என்று தொடங்குவார்கள். ஷேர் செய்யும் முன் நீங்களே ஒரு தடவை காது கொடுத்துக் கேளுங்கள். கருத்துப் பகுதியைப் புராஜெக்ட் பக்கத்திலேயே அணைத்து வைக்கலாம். ஷோவைப் பதிவு செய்வதாக இருந்தால் அதற்கும் சம்மதம் வேண்டும். இந்தியாவில் 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் 18 வயது வரை எல்லோரையும் குழந்தை என்றே வைத்துப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. நான் சட்டம் படித்தவள் இல்லை. அதனால் பதிவே செய்வதில்லை, அதோடு சரி.

ஷோவில் பேசவே மாட்டேன் என்று ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும். என்னிடம் ஒரு பையன் இருந்தான், மைக்கையே திறக்க மாட்டான். அவன் கேமின் லிங்க்கை மட்டும் சாட்டில் போட்டு, "எல்லோரும் உங்க போன்ல விளையாடுங்க, யாரு 20 எடுக்கிறாங்கன்னு பாப்போம்" என்றேன். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. ஒரு சித்தி மட்டும், "20-க்கு மேல பழம் வர மாட்டேங்குதே" என்றார். அதுவரை மியூட்டில் இருந்தவன் சட்டென்று மைக்கைத் திறந்து, "அது நான்தான் நிறுத்தி வச்சேன் ஆன்ட்டி, ரெண்டாவது லெவல் இன்னும் எழுதல" என்றான்.